மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் மலச்சிக்கல்: சேலத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காடு மலைக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய், மூளை முடக்குவாதம் அதாவது சி.பி. உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கை கால் பயிற்சியைப் பற்றிக் கேட்பதைவிட வெளிக்குப் போவதைப் பற்றித்தான் அம்மாக்கள் அதிகம் கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளையும், மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்ததில் நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் பெயரும் அளவும் வரும் இடங்களில், உங்கள் குழந்தைக்கான அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பாப்பாவுக்கு ஒரு மாசமா தண்ணியாத்தான் போகுது. டாக்டர் பார்த்துட்டு மலச்சிக்கல்ங்கிறார். அது எப்படி?

டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் மலம் பல நாளாகத் தங்கி, இறுகி, பெரிய கட்டியாக அடைத்துக்கொள்கிறது. அந்தக் கட்டியால் வெளியே வர முடியாது. ஆனால் மேலே இருந்து புதிதாக வரும் இளகிய மலம் கட்டியின் ஓரமாக வழிந்து கசிந்துவிடும். துணியில் நாம் பார்ப்பது அந்தக் கசிவைத்தான்.

கட்டி நாள் கணக்கில் அழுத்திக்கொண்டே இருப்பதால் குடலின் அந்தப் பகுதி விரிந்துபோய், மலம் வந்திருக்கிறது என்ற உணர்வே மங்கிவிடுகிறது. அதனால் கசிவது குழந்தைக்குத் தெரியாது. வேண்டுமென்றே துணியில் போகிறாள் என்று அவளைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கவலை. பழத்தையும் கீரையையும் நிறுத்திவிட்டு, வெறும் சோற்றுக் கஞ்சியும் ஜவ்வரிசிக் கஞ்சியும் கொடுப்பார்கள். சிலர் கடையில் போய் போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். அடைப்பு இன்னும் இறுகும். நான்கு நாள் கசிவு நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைப்போம். அப்புறம் வயிறு உப்பி, சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, இரவெல்லாம் குழந்தை அழும்.

உண்மையான வயிற்றுப்போக்கா, அடைப்பினால் வரும் கசிவா? வீட்டிலேயே எப்படித் தெரிஞ்சுக்கறது?

வயிற்றுப்போக்கு திடீரென்று தொடங்கும். அளவு அதிகமாக இருக்கும். கூடவே காய்ச்சலோ வாந்தியோ வரலாம். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். அடைப்புக் கசிவு அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்கத் துணியில் கறையாகப் படிந்துகொண்டே இருக்கும். நாற்றம் கடுமையாக இருக்கும். வாரக்கணக்கில் நீளும். அதற்கு முன்பு ஆட்டுப்புழுக்கை மாதிரியோ, இவ்வளவு சின்ன உடம்பிலிருந்தா என்று கேட்கும்படி மிகப் பெரிதாகவோ மலம் போயிருக்கும். யோசித்துப் பார்த்தால் நினைவுக்கு வரும்.

குழந்தை தளர்வாகப் படுத்திருக்கும்போது தொப்புளுக்குக் கீழே இடதுபக்கம் விரல்களால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தட்டுப்படவில்லை என்பதற்காக அடைப்பு இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். உடம்பு விறைத்துக்கொள்ளும் குழந்தையிடமும், முதுகு வளைந்த குழந்தையிடமும் மருத்துவரின் கைக்கே சில சமயம் பிடிபடாது. அப்போது அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம்.

பேச முடியாத குழந்தை இதை வேறு வழிகளில் சொல்லும். கால் விறைப்பு வழக்கத்தைவிட அதிகமாகும். இரண்டு வாய் சாப்பிட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாப்பிட்டது எதிர்த்து வரும். சிறுநீர்ப் பாதையில் அடிக்கடி கிருமித் தொற்று வரும். பயிற்சியின்போது திடீரென்று விறைப்பு கூடிய குழந்தையைப் பார்த்தால், கடைசியாக எப்போது வெளிக்குப் போனது என்றுதான் முதலில் கேட்பேன்.

இந்தக் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் இப்படி?

நடமாட்டம் குறைவு என்பது ஒரு காரணம். முக்குவதற்கு வயிற்றுத் தசை இறுக வேண்டும், அதே நேரம் ஆசனவாய்த் தசை தளர வேண்டும். சி.பி. குழந்தைகள் பலருக்கு இந்த ஒத்திசைவு வராது. முக்கும்போது கீழேயும் சேர்ந்தே இறுகிவிடும். விழுங்கக் கஷ்டம் என்பதால் தண்ணீர் உள்ளே போவதும் குறைவு, எச்சிலாக வழிந்து போவதும் அதிகம்.

மருந்துகளையும் பாருங்கள். எச்சில் வடிவதைக் குறைக்கக் கொடுக்கும் கிளைகோபைரோலேட், உடல் முறுக்கலுக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்சிஃபெனிடில், விறைப்புக்கான பேக்லோஃபென், இரும்புச்சத்து டானிக் எல்லாம் மலத்தை இறுக்கக்கூடியவை. இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய், இதில் எதையாவது குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அடைப்பை எப்படி எடுப்பாங்க? வீட்டிலேயே முடியுமா?

பல குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லும் அளவில் வாய்வழி மருந்து கொடுத்து வீட்டிலேயே முடியும். விழுங்குவதில் அதிகச் சிரமம் உள்ள குழந்தைக்கும், வயிறு மிக உப்பியிருக்கும் குழந்தைக்கும் மருத்துவமனையில் சேர்த்து மூக்குக் குழாய் வழியாகவோ எனிமாவாகவோ கொடுக்க வேண்டியிருக்கும்.

பொதுவாகக் கொடுப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடி. மருந்துக் கடையில் பெக் பவுடர் என்று சொன்னால் தெரியும். இது குடலைப் பிசைந்து தள்ளும் மருந்து இல்லை. தான் கரைந்திருக்கும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அப்படியே கீழே போய்க் கட்டியை ஊற வைக்கிறது. அதனால் சொன்ன அளவு தண்ணீரில் கரைக்காமல் கொடுத்தால் பயன் இல்லை. அடைப்பை எடுக்க, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை தினமும், 3 முதல் 6 நாள் கொடுப்பது வழக்கம்.

ஏற்காட்டுப் பக்கம் ஒரு காபித் தோட்டக் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெண் குழந்தை, 6 வயது, எடை 14 கிலோ, நான்கு கை கால்களிலும் விறைப்பு. வாரக்கணக்கில் கசிவு. வயிற்றுப்போக்கு என்று நினைத்து ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும் கொடுத்திருந்தார்கள். மருத்துவர் வயிற்றைப் பார்த்து அடைப்பு என்று உறுதி செய்து, தினம் 20 கிராம் பொடி எழுதினார். காலையில் 10 கிராம், மாலையில் 10 கிராம். ஒவ்வொன்றையும் 120 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னார். அந்தக் குழந்தை சாதாரணத் தண்ணீரைப் புரை ஏறாமல் விழுங்குவாள் என்று பார்த்த பிறகுதான் வீட்டில் கொடுக்க விட்டார்.

முதல் இரண்டு நாள் கசிவு இன்னும் அதிகமானது. பலர் மருந்தை நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். போக்கு கூடிவிட்டது என்று பயப்படுகிறார்கள். கட்டி இன்னும் உள்ளேயே இருக்கிறது, நிறுத்தாதீர்கள் என்று அந்த அம்மாவிடம் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் கறுத்த கெட்டி உருண்டைகள் வந்தன. நான்காம் நாள் நிறைய வந்தது. ஐந்தாம் நாள் திப்பி எதுவும் இல்லாமல் பழுப்புத் தண்ணீராகப் போனதும் அடைப்பு தீர்ந்தது என்று வைத்துக்கொண்டார்கள். அன்று மாலையே, பல நாளுக்குப் பிறகு, கிண்ணத்தில் வைத்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டாள்.

அந்த ஐந்து நாளும் வேறு தண்ணீரும் கஞ்சியும் தாராளமாகக் கொடுத்தார்கள். வலிப்பு மருந்தைப் பொடி கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளி வைத்தார்கள். இல்லாவிட்டால் வலிப்பு மருந்து உடம்பில் சேருவது குறையலாம்.

அடைப்பு தீர்ந்த மறுநாளே தினசரி அளவு தொடங்க வேண்டும். அவளுக்கு 6 கிராமில் தொடங்கி, இரண்டு வாரம் பார்த்துவிட்டு, இன்னும் கெட்டியாக இருந்ததால் 8 கிராமுக்கு ஏற்றினார்கள். அடைப்பை எடுத்ததோடு மருந்தை விட்டுவிட்டால் சில வாரத்தில் கட்டி மறுபடி சேர்ந்துவிடும்.

விளக்கெண்ணெய் கொடுக்கலாமான்னு மாமியார் கேட்கிறாங்க. வெற்றிலைக் காம்பு வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். எண்ணெய் எதுவானாலும் வாயில் ஊற்றும்போது புரை ஏறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இந்தக் குழந்தைகளுக்கு அதிகம். கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் கலந்த மலமிளக்கிக்கும் இது பொருந்தும். அந்த எண்ணெய் தொண்டையில் இறங்கும்போது இருமலைக்கூடத் தூண்டாது. இருமல் இல்லாமலே உள்ளே போய் ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். சீட்டில் அது எழுதியிருந்தால், இவனுக்குச் சாப்பிடும்போது புரை ஏறும் சார் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

வெற்றிலைக் காம்பு ஆசனவாயைக் கிழிக்கலாம். ஒருமுறை வலித்தால் குழந்தை அடுத்த தடவை மலத்தை அடக்கிக்கொள்ளும். அதிலிருந்துதான் பல அடைப்புகள் தொடங்குகின்றன. விரல் விட்டு எடுப்பதும் அப்படித்தான். தேவைப்பட்டால் கிளிசரின் மாத்திரையை ஆசனவாய் வழியாக எப்படி வைப்பது என்று நர்ஸிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

தண்ணி குடிச்சாலே புரை ஏறுது. நிறையத் தண்ணி கொடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, எப்படிக் கொடுக்கறது?

முதலில் எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். முதல் 10 கிலோ எடைக்கு 1000 மில்லி, அதற்கு மேல் 20 கிலோ வரை ஒவ்வொரு கிலோவுக்கும் 50 மில்லி. மேலே சொன்ன 14 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லி. பால், மோர், ரசம், கஞ்சி எல்லாமே இதில் சேரும். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துக்கொண்டு, ரசத்துக்கும் கஞ்சிக்கும் அதிலிருந்தே எடுத்தால், மாலையில் எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த வீட்டில் முதல் நாள் அளந்தபோது பாதி பாட்டில் அப்படியே இருந்தது. மலையில் குளிர் காலத்தில் யாருக்கும் தாகம் தெரிவதில்லை. கேட்கத் தெரியாத குழந்தைக்கு நாம்தான் நேரம் வைத்துக் கொடுக்க வேண்டும். வெதுவெதுப்பாகக் கொடுத்தால் மறுப்பது குறையும்.

ஒரே நேரத்தில் ஒரு டம்ளர் வேண்டாம். நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், தாடை லேசாகக் கீழே இருக்கும்படி பிடித்து, மணிக்கு ஒருமுறை 60, 70 மில்லி கொடுங்கள். படுக்க வைத்துப் பாலாடையில் ஊற்றுவதை விட்டுவிடுங்கள்.

மெல்லிய திரவம் இறங்காத குழந்தைக்குக் கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த வீடுகளுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. மாவுச்சத்தை வைத்துக் கெட்டியாக்கிய திரவத்தில் பெக் பவுடரைக் கலந்தால் அது நீர்த்துவிடும். கெட்டியாக இருக்கிறது என்று நம்பி வாயில் ஊற்றினால் நேராகப் புரை ஏறும். அதனால் கெட்டியாக்கிய திரவம் குடிக்கும் குழந்தைக்குப் பொடியா, வேறு மருந்தா என்பதை மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். லாக்டுலோஸ் சிரப் ஒரு மாற்று. அதில் வாயு கொஞ்சம் சேரும், வயிறு உப்பலாம்.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்? மிக்ஸியில் அரைச்சுத்தான் கொடுக்கிறோம்.

அரைப்பதால் நார்ச்சத்து போய்விடாது. அரைத்து வடிகட்டினால்தான் போகும். வடிகட்டுவதற்குப் பதிலாக நன்றாக வேக வைத்து, கூடுதல் நேரம் அரையுங்கள்.

நம் சேலத்தில் ஜவ்வரிசி எளிதாகக் கிடைக்கிறது, வழுவழுவென்று இறங்குகிறது. அதனால் விழுங்கக் கஷ்டப்படும் குழந்தைக்கு முதலில் கைக்கு வருவது அதுதான். ஆனால் ஜவ்வரிசி குச்சிக்கிழங்கிலிருந்து நாரை நீக்கி எடுத்த மாவு. நார்ச்சத்து ஏறக்குறைய இல்லை. எப்போதாவது கொடுங்கள், தினசரி உணவாக வேண்டாம். அந்த இடத்தில் ராகிக் கூழ், சாமைக் கஞ்சி, பாசிப்பருப்பும் கீரையும் சேர்த்துக் குழைய வைத்த சோறு கொடுக்கலாம்.

பழத்தில் ஏற்காட்டுப் பேரிக்காய்க்குத்தான் என் ஓட்டு. அதில் சார்பிட்டால் என்ற இயற்கைச் சர்க்கரை உண்டு, அது குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும். தோல் சீவி, வேக வைத்து மசித்தால் சுலபமாக இறங்கும். பப்பாளி, கனிந்த வாழை, சீசனில் மாம்பழம் எல்லாம் நல்லதே. கொய்யாவை விதை எடுத்துக் கொடுங்கள். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் வேறு சாப்பாட்டுக்கு இடம் இருக்காது.

நார்ச்சத்தை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். தண்ணீர் கூடாமல் நார் மட்டும் கூடினால் அடைப்பு மோசமாகும். இசப்கோல் உமி வேண்டவே வேண்டாம், அது தொண்டையிலேயே ஊதி அடைக்கலாம்.

கமோடில் உட்கார வைத்தால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுகிறான். எப்படி உட்கார வைப்பது?

பெரும்பாலும் கால் தொங்குவதுதான் காரணம். பாதத்துக்குக் கீழே எதுவும் இல்லாவிட்டால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் உடம்பு முழுக்க விறைக்கும். ஆசனவாயும் சேர்ந்து இறுகும். பாதம் முழுதாக எதன் மேலாவது பதிந்திருக்க வேண்டும், முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், உடம்பு லேசாக முன்னால் சாய வேண்டும். இடுப்பு நன்றாக மடங்கினால் பின்னால் வளையும் விறைப்பு தானாகக் குறையும்.

சின்னக் குழந்தைக்கு நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதே போதும். அம்மா சிறு பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, தன் கால்களுக்கிடையே குழந்தையைக் குந்த வைத்து, முதுகைத் தன் மேல் சாய்த்துக்கொள்வது. நான்கைந்து வயதுக்கு மேல் உங்கள் இடுப்பு தாங்காது. பிளாஸ்டிக் குழந்தை நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, விளிம்பில் துணி சுற்றி, அடியில் கிண்ணம் வையுங்கள். பக்கத்துக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் சாயமாட்டான். காலுக்குக் கீழே செங்கலும் பலகையும். முன்னால் கையூன்றி முன்சாய ஒரு ஸ்டூல், அதன் மேல் பிடித்த பொருள் ஒன்று. இடுப்பு மூட்டு நழுவியிருக்கும் குழந்தைக்கு முழங்காலை வலுக்கட்டாயமாக மடக்காமல், எந்த அளவு மடக்கலாம் என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

நேரம் முக்கியம். சாப்பாடு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். அதனால் சாப்பிட்டு 20, 30 நிமிடம் கழித்து உட்கார வைத்து, 5 முதல் 10 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அவ்வளவுதான். அரை மணி நேரம் உட்கார வைத்தால் குழந்தை அந்த நாற்காலியையே வெறுத்துவிடும். காற்றாடியை ஊதச் சொல்வது, சோப்பு நுரை ஊதுவது, சிரிக்க வைப்பது எல்லாம் வயிற்றுத் தசையை வேலை செய்ய வைக்கும். வந்தால் பாராட்டுங்கள், வராவிட்டால் ஒன்றும் சொல்லாதீர்கள்.

காலையில்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்தக் காபித் தோட்ட அம்மா காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்புவார். அவசரத்தில் உட்கார வைத்தது எதுவும் பலிக்கவில்லை. மாலை ஆறு மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றினோம். கழுவ வெந்நீர் தயாராக இருந்தது, ஏனென்றால் ஏற்காட்டுக் குளிர்த் தண்ணீர் பட்டாலே அவள் விறைத்துக்கொள்வாள். சில வாரத்தில் உடம்பு அந்த நேரத்துக்குப் பழகிக்கொண்டது.

தூக்கி உட்கார வைக்க முடியாத பெரிய பிள்ளைகளை, சாப்பிட்ட பிறகு இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இரண்டு முழங்காலையும் வயிற்றை நோக்கி மடக்கி, அடியில் துணி விரித்து அதே பத்து நிமிடம் கொடுங்கள்.

வயிற்றைத் தடவி விடலாமா?

விடலாம். பெருங்குடல் போகும் வழியிலேயே போக வேண்டும். வலது இடுப்புப் பக்கம் தொடங்கி மேலே, விலா எலும்புக்குக் கீழே குறுக்காக இடதுபக்கம், அங்கிருந்து கீழே. பத்து நிமிடம், உள்ளங்கையால், தோல் அழுந்தும் அளவுக்கு. சாப்பிட்ட உடனே செய்தால் வாந்தி வரும், அதனால் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் நீர் சேர்ந்து வயிற்றுக்குக் குழாய் வைத்த குழந்தை, வயிற்றில் உணவுக் குழாய் உள்ள குழந்தை என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

தினமும் மருந்து கொடுத்தா பழகிப் போயிடாதா? எப்போ நிறுத்தறது?

பெக் பவுடருக்கும் லாக்டுலோஸுக்கும் குடல் அடிமையாவதில்லை. விரிந்துபோன குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மலம் இளக்கமாகவே போய்க்கொண்டிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு மாதம், அதிலும் கடைசி ஒரு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தால், மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். சி.பி. குழந்தைகள் பலருக்கு வருடக்கணக்கில் தேவைப்படுகிறது. காரணம் தீரவில்லை என்றால் மருந்தும் தொடரத்தான் வேண்டும்.

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். புழுக்கையா, வழவழப்பாக நீளமாகவா, கூழாகவா, எத்தனை தடவை, துணியில் கசிவு உண்டா. வாரத்தில் மூன்று தடவைக்குக் குறைந்தாலோ, கசிவு மறுபடி தொடங்கினாலோ, மருந்தின் அளவு போதவில்லை என்று அர்த்தம். மருத்துவர் உங்கள் வாய்மொழியைவிட அந்தக் காலண்டரைத்தான் வேகமாகப் புரிந்துகொள்வார்.

எப்போ காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால். வயிறு திடீரென்று உப்பி, தொட்டாலே அழுதால். மலமும் வாயுவும் இரண்டுமே நின்றுவிட்டால். மலத்தோடு ரத்தம் கலந்து வந்து, காய்ச்சலும் சோர்வும் இருந்தால். கடுமையான மலச்சிக்கல் உள்ள மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் குடல் முறுக்கிக்கொள்வது உண்டு, அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம். இந்த நிலையில் வீட்டில் மலமிளக்கியோ எனிமாவோ கொடுக்காதீர்கள், வாய்வழியாக எதுவும் வேண்டாம்.

மலையில் இருக்கிறவர்கள் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108க்குப் போன் செய்துவிட்டு, காலண்டரையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. வாந்தி வந்தால் புரை ஏறாமல் இருக்கக் குழந்தையை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். போனதும் முதலில் சொல்ல வேண்டியவை: கடைசியாக எப்போது மலம் போனது, வாயு எப்போது பிரிந்தது, வாந்தி என்ன நிறம், வலிப்பு மருந்து கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தது.